தாலி கட்டினாரா, சேர்ந்து மட்டும் வாழ்ந்தீர்களா?

போன மாதம் ஒரு அக்கா டிக்கோயாவிலிருந்து சட்ட உதவி கேட்டு என்னிடம் வந்தார். இருபது வருடம் கூட வாழ்ந்த மனிதர் திடீரென இறந்துவிட்டார். ஹட்டனில் பத்துப் பேர்ச்சஸ் காணியும் வீடும் அவர் பெயரில் இருக்கின்றன. மரணசாசனம் எழுதவில்லை, விவாகப் பதிவும் இல்லை. எட்டுச் செலவு முடிந்த கையோடு அவருடைய தம்பி வந்து சாவியைக் கேட்டிருக்கிறார்.

நான் முதலில் கேட்டது, "தாலி கட்டினாரா அக்கா?" என்றுதான். வழக்கே இந்தப் பதிலில்தான் நிற்கிறது.

மலையகத் தமிழர்களுக்குத் தேசவழமையோ கண்டியச் சட்டமோ பொதுவாகப் பொருந்தாது. 1876ஆம் ஆண்டின் விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம்தான் பொருந்தும். அதன்படி மனைவிக்குப் பாதி, பிள்ளைகளுக்கு மீதிப் பாதி. ஆனால் சேர்ந்து மட்டும் வாழ்ந்தவருக்கு, எத்தனை வருடமானாலும், அந்தச் சட்டத்தில் ஒரு பங்கும் கிடையாது. திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கும் தாயின் சொத்தில்தான் உரிமை, தகப்பன் சொத்தில் இல்லை. இறந்தவருக்கு மனைவியோ, முறையான பிள்ளைகளோ, பெற்றோரோ இல்லையென்றால் சொத்து அவருடைய கூடப்பிறந்தவர்களுக்குப் போய்விடும்.

அக்கா தோட்டத்துக் கோயிலில் தாலி கட்டிக்கொண்டவர். நம் நாட்டுப் பொதுச் சட்டத்தில் பதிவு இல்லாததால் மட்டும் கல்யாணம் செல்லாமல் போகாது. பதிவு என்பது சிறந்த சான்று, அவ்வளவுதான். கணவன் மனைவியாக ஊரறிய வாழ்ந்தவர்களை, மாறாக நிரூபிக்கப்படாவிட்டால், மணமானவர்கள் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 1881இல், அப்போது நம் இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவிக் கவுன்சில் இலங்கை வழக்கொன்றில் தீர்ப்புச் சொன்னது. அதனால் கோயில் தலைவர், தாலி கட்டும்போது நின்ற அத்தை, பழைய போட்டோ, இருவர் பெயரும் ஒரே வீட்டில் வரும் வாக்காளர் இடாப்பு எல்லாவற்றையும் திரட்டச் சொன்னேன்.

அப்போதுதான் மகளின் பிறப்புச் சான்றிதழை எடுத்தார். "பெற்றோர் விவாகம் செய்தவர்களா?" என்ற கட்டத்தில் "இல்லை" என்றிருந்தது. விவாகச் சான்றிதழ் கொண்டுபோகாததால் பதிவாளர் அப்படி எழுதிவிட்டார், இவர்களும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். எதிர்த்தரப்பு முதலில் காட்டப்போவது இதைத்தான். அந்த ஒரு சொல்லால் வழக்கு தோற்றுவிடாது. ஆனால் ஏன் அப்படி எழுதப்பட்டது என்பதை அக்காவே சாட்சிக் கூண்டில் விளக்கியாக வேண்டும்.

இன்னொரு கேள்வியையும் கேட்டேன். அவருக்கு முன்பு வேறு மனைவி உண்டா? இல்லை என்றார். விவாகரத்து ஆகாத மனைவி ஒருவர் இருந்திருந்தால் தாலியும் போட்டோவும் உதவியிருக்காது.

உயிரோடிருக்கும் ஜோடிகளே, இருவருக்கும் தடையில்லையென்றால் இப்போதாவது விவாகப் பதிவாளரிடம் போய்ப் பதியுங்கள். முன்பு பிறந்த பிள்ளைகளுக்கும் பெற்றோரின் திருமணத்தால் பொதுவாக முறையான பிள்ளை என்ற உரிமை வரும். பழைய விவாகம் முறிக்கப்படாமல் இருப்பவர்கள் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு, மரணசாசனம் எழுதலாம். நொத்தாரிசு இல்லாமல் எழுதினால் ஐந்து சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். புதிதாகக் காணி வாங்குபவர்கள் உறுதியில் இருவர் பெயரையும் போடுங்கள். அப்படிப் போட்டால் உங்கள் பங்கு உங்கள் சொந்தப் பங்கு, மற்றவர் இறந்தாலும் அது யாருக்கும் போகாது.

அக்கா இன்னும் சாவியைக் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறேன். இறந்தவரின் சொத்தை நிர்வகிக்க அதிகாரம் தரும் நிர்வாகப் பத்திரத்துக்கு மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போடுகிறோம். கோயில் தலைவர் சாட்சி சொல்ல ஒத்துக்கொண்டிருக்கிறார்.