ஒரு ஸ்கிரீன்ஷொட், பதினொரு கூற்றுகள்

வட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் பதிவுகளின் சாயலில் ஒன்றை நானே எழுதிக்கொள்கிறேன். ஏதோ ஒரு பக்கத்தில் வந்த பதிவின் ஸ்கிரீன்ஷொட் அது. கறுத்த தண்ணீர் நிறைந்த வாளி ஒன்றின் படம், அதற்குக் கீழே இந்த வரிகள்:

"யாழ்ப்பாணத்தாரே கவனம்! கோண்டாவில் கிணற்றுத் தண்ணியில நைத்திரேற்று 15 இருக்குதாம். உலக சுகாதார நிறுவனம் சொன்ன அளவே 10 தான். அதாலதான் இங்க புற்றுநோய் கூடுது. பச்சைப் பிள்ளையள் நீலமாகிச் சாகுதுகள். நல்லாக் கொதிக்க வைச்சுக் குடியுங்கோ. தெரிஞ்சவை எல்லாம் மறைக்கினம். எல்லாருக்கும் அனுப்புங்கோ."

"இது உண்மையா, பொய்யா?" என்று கேட்டால் ஒழுங்கான பதில் கிடைக்காது. குடாநாட்டு நிலத்தடி நீரில் நைத்திரேற்று அதிகம் என்பது 1980களில் இருந்தே ஆய்வாளர்கள் எழுதிவரும் விடயம். செம்மண்ணுக்குக் கீழே இருப்பது வெடிப்பும் துவாரமும் நிறைந்த சுண்ணக்கல். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போடும் பசளையும், மலசலகூடக் குழிகளின் கசிவும் மழையோடு கீழே இறங்கிக் கிணற்றுக்குப் போகின்றன. இதை அறிந்தவர் பதிவைப் பார்த்ததும் "ஓம், சரிதான்" என்பார். கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது என்று அறிந்தவரோ "சுத்தப் பொய்" என்பார். இருவரும் பார்த்தது ஒரே பதிவைத்தான், ஆனால் ஆளுக்கொரு வரியை.

அதனால் தகவல் சரிபார்ப்பவர்கள் தீர்ப்பை ஒத்திவைத்துவிட்டு முதலில் பதிவைக் கூற்றுகளாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு கூற்றும் தனியே எடுத்துப் படித்தாலும் விளங்க வேண்டும். "அதால", "இங்க" போன்ற சொற்கள் நின்ற இடத்தில் எதனால், எங்கே என்று எழுதிவிட வேண்டும். மேலே உள்ள பதிவை அப்படிப் பிரித்தால் இப்படி வரும்:

1. இந்தப் பதிவு, படத்தில் தெரியும் பக்கத்தில் உண்மையாகவே வெளிவந்தது.
2. வாளியில் இருப்பது கோண்டாவில் கிணற்றுத் தண்ணீர்.
3. கோண்டாவில் கிணறுகளில் நைத்திரேற்று 15 இருக்கிறது.
4. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை 10.
5. குடிநீரில் உள்ள நைத்திரேற்று புற்றுநோயை உண்டாக்கும்.
6. யாழ்ப்பாணத்தில் புற்றுநோய் கூடிவருகிறது.
7. அப்படிக் கூடுவதற்குக் காரணம் இந்த நைத்திரேற்று.
8. நைத்திரேற்று மிகுந்த நீர் கைக்குழந்தைகளை நீலமாக்கும்.
9. யாழ்ப்பாணத்தில் குழந்தைகள் இதனால் இறக்கின்றன.
10. கொதிக்க வைத்தால் நைத்திரேற்று நீங்கும்.
11. பொறுப்பானவர்கள் இதை அறிந்தும் மறைக்கிறார்கள்.

முதல் இரண்டையும் பதிவின் எந்த வசனமும் சொல்லவில்லை. ஆனால் ஸ்கிரீன்ஷொட் என்ற வடிவமே அவற்றைச் சொல்லாமல் சொல்கிறது. மேல் மூலையில் ஒரு பக்கத்தின் பெயரும் "2 மணி நேரத்துக்கு முன்" என்ற குறிப்பும் இருக்கும். எந்த நாளிலிருந்து இரண்டு மணி நேரம்? ஸ்கிரீன்ஷொட் எடுத்த நாள் தெரியாவிட்டால் அந்தக் குறிப்பால் பயன் இல்லை. மூலப் பதிவின் இணைப்பு, அதற்குக் கீழே வந்த மறுப்புகள், பிறகு செய்த திருத்தம் எல்லாமே படமாக மாறும்போது கழன்றுவிடும். ஆகவே முதலாவது கூற்றைச் சோதிக்க அந்தப் பக்கத்துக்கே போய்த் தேட வேண்டும், அல்லது பதிவின் ஒரு முழு வசனத்தை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடிப் பார்க்க வேண்டும். வாளிப் படம் இன்னும் வேடிக்கை. நைத்திரேற்றுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. எல்லை மீறிய தண்ணீரும் கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கலாம். சுன்னாகம் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்தது பெரிதாகப் பேசப்பட்ட 2015 அளவில் இப்படியான வாளிப் படங்கள் சுற்றியிருக்கலாம். அப்படி ஒன்றை எடுத்து இங்கே ஒட்டியிருந்தாலும் பார்ப்பவருக்குத் தெரியப் போவதில்லை. படம் உண்மையிலேயே கோண்டாவிலில் எடுக்கப்பட்டதாக இருந்தாலும்கூட அது மூன்றாவது கூற்றுக்கு ஆதாரம் ஆகாது.

இந்த மூன்றாவது, நான்காவது கூற்றுகளில்தான் நான் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். 15, 10 என்று இரண்டு எண்கள். 15 பெரிது, ஆகவே ஆபத்து என்று கண் உடனே முடிவெடுத்துவிடுகிறது. ஆனால் 15 என்றால் 15 என்ன? ஒரு லீற்றருக்கு இத்தனை மில்லிகிராம் என்றே வைத்துக்கொண்டாலும், நைத்திரேற்றை அளந்து எழுத இரண்டு வழக்கங்கள் உள்ளன. ஒன்று, நைத்திரேற்று அயன் முழுவதையும் எடை போடுவது. மற்றது, அதற்குள் இருக்கும் நைதரசனை மட்டும் எடை போடுவது. நைதரசனின் எடை 14, நைத்திரேற்றின் எடை 62. 62ஐ 14ஆல் வகுத்தால் ஏறத்தாழ 4.43. அதாவது ஒரே தண்ணீருக்கு ஓர் அறிக்கையில் 15 என்றும் இன்னோர் அறிக்கையில் 66 என்றும் வரலாம், இரண்டும் சரியாகவே இருக்கும்.

உலக சுகாதார நிறுவனம் இப்போது சொல்லும் அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. இதையே நைதரசனாக எழுதினால் சுமார் 11.3. பதிவில் உள்ள 10 எங்கிருந்து வந்தது? அந்த நிறுவனத்தின் 1984ஆம் ஆண்டு வழிகாட்டியில் நைதரசனாக 10 என்று இருந்தது, அமெரிக்காவின் எல்லை இன்றும் அதுதான். ஆகவே நான்காவது கூற்று பழைய பதிப்பின் எண், அதுவும் அலகு உதிர்ந்துபோன எண். மூன்றாவது கூற்றோ அலகு தெரியும்வரை சரியென்றும் சொல்ல முடியாது, பிழையென்றும் சொல்ல முடியாது. 15 நைதரசனாக அளந்தது என்றால் நீர் எல்லையைத் தாண்டிவிட்டது. நைத்திரேற்றாக அளந்தது என்றால் எல்லையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இரண்டு எண்களையும் ஒரே வசனமாக விட்டிருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திராது. எத்தனை கிணறுகள், மாரி மழைக்கு முன்னா பின்னா, பசளை போட்ட தோட்டத்துக் கிணறா வீட்டுக் கிணறா என்பவையும் மூன்றாவது கூற்றோடு சேர்த்துக் கேட்க வேண்டியவை.

புற்றுநோய் வரி ஒரே வசனம், ஆனால் அதற்குள் மூன்று கூற்றுகள். ஐந்தாவதற்குப் பதில் ஆய்வு இலக்கியத்தில் இருக்கிறது. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகத்தின் 2010ஆம் ஆண்டு வெளியீடு, உடலுக்குள் நைத்திரோசோ சேர்வைகள் உருவாகக்கூடிய நிலைமைகளில் உட்கொள்ளப்படும் நைத்திரேற்றை, மனிதரில் பெரும்பாலும் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்ற 2A பிரிவில் வைக்கிறது. "உண்டாக்கும்" என்பதற்கும் இதற்கும் தூரம் உண்டு. ஆறாவதற்குப் புற்றுநோய்ப் பதிவேடு வேண்டும். தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலையில் சனம் நிறைந்திருப்பது போதாது. அங்கே வடமாகாணம் முழுவதிலும் இருந்து வருகிறார்கள், சனத்தொகையில் முதியோர் பங்கு மாறினாலும் எண்ணிக்கை மாறும். ஏழாவதுதான் எல்லாவற்றிலும் கடினம். ஐந்தும் ஆறும் சரியாக இருந்தாலும் ஏழு தானாகச் சரியாகிவிடாது. "அதால" என்ற இணைப்பையும் ஒரு கூற்றாக எழுதி வைக்காவிட்டால், இரு பக்கத்து உண்மைகளையும் பிடித்துக்கொண்டு அது இலவசமாக உள்ளே வந்துவிடும்.

இப்படி அடுக்கிச் சொல்வது ஏன் நம்மை இவ்வளவு எளிதாக நம்ப வைக்கிறது? உளவியலாளர்களான ட்வெர்ஸ்கியும் கானமனும் 1983இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். சமூக நீதியில் அக்கறையுள்ள ஒரு பெண்ணைப் பற்றி விவரித்துவிட்டு, அவர் வங்கி ஊழியராக இருப்பது கூடிய சாத்தியமா, வங்கி ஊழியராகவும் பெண்ணிய இயக்கத்தில் இருப்பவராகவும் இருப்பது கூடிய சாத்தியமா என்று கேட்டார்கள். பெரும்பாலானோர் இரண்டாவதைச் சொன்னார்கள். கணக்குப்படி அது முடியாத காரியம்; இரண்டும் சேர்ந்து நடப்பது ஒன்று மட்டும் நடப்பதைவிடக் கூடிய சாத்தியமாக இருக்காது. விவரம் கூடக் கூடக் கதை நம்பத்தக்கதாகத் தோன்றுகிறது, ஆனால் முழுவதும் சரியாக இருக்கும் வாய்ப்போ குறைகிறது. நமது பதினொரு கூற்றும் ஒன்றையொன்று சாராதவை, ஒவ்வொன்றும் சரியாக இருக்க நூற்றுக்கு எண்பது வாய்ப்பு என்று தாராளமாகக் கொடுத்தாலும், பதினொன்றும் ஒருசேரச் சரியாக இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்பதைத் தொடாது. உண்மையில் இவை ஒன்றையொன்று ஓரளவு சார்ந்தவைதான், ஆகவே இந்த எண்ணை அப்படியே எடுக்க வேண்டாம். போகும் திசை மட்டும் மாறாது.

குழந்தைகள் பற்றிய வரியிலும் அதே வேலைதான். எட்டாவது கூற்று அறிவியலில் நன்கு தெரிந்தது. 1945இல் அமெரிக்காவின் அயோவாவில் கொம்லி என்ற மருத்துவர் கிணற்று நீரில் மா கரைத்துக் கொடுத்த குழந்தைகளில் இதை விவரித்தார். நைத்திரேற்று உடலில் நைத்திரைற்றாக மாறி, ஈமோகுளோபினை ஒட்சிசன் காவ முடியாதபடி ஆக்கிவிடுகிறது. 50 என்ற எல்லையே போத்தல் பால் குடிக்கும் கைக்குழந்தைகளை மனதில் வைத்து வைத்ததுதான். ஒன்பதாவது கூற்று வேறு வகை. அதற்கு இங்குள்ள வைத்தியசாலைப் பதிவுகள் வேண்டும். எட்டு சரி என்பதால் ஒன்பதையும் சரி என்று எழுதுவதுதான் இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் பிழை.

பத்தாவது கூற்றைப் பதிவு நேராகச் சொல்லவே இல்லை. "கொதிக்க வைச்சுக் குடியுங்கோ" என்பது அறிவுரை, அதற்கு உண்மை பொய் கிடையாது. ஆனால் அந்த இடத்தில் அதைச் சொல்வதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும், அதைத்தான் கூற்றாக எழுத வேண்டும். கிருமிக்குக் கொதிக்க வைப்பது நல்ல வழி. நைத்திரேற்றோ ஆவியாகிப் போகாது, தண்ணீர்தான் போகும். லீற்றருக்கு 66 மில்லிகிராம் உள்ள ஒரு லீற்றரைக் கொதிக்க வைத்து 800 மில்லிலீற்றராக வற்றவிட்டால், மிஞ்சும் நீரில் செறிவு ஏறத்தாழ 83 ஆகிவிடும். பதிவிலுள்ள தவறுகளில் உடனடியாக ஆளைப் பாதிக்கக்கூடியது இதுதான். "பதினொன்றில் இத்தனை சரி, பரவாயில்லை" என்று புள்ளி போடுவது எனக்குப் பிடிக்காததற்குக் காரணமும் இதுவே. ஒன்று பிழையானாலும் அது எந்த ஒன்று என்பதுதான் முக்கியம்.

கடைசிக் கூற்றில் மறைக்கும் நோக்கம் என்பது மனதுக்குள் இருப்பது. அப்படியே சோதிக்க முடியாது. சோதிக்கக்கூடிய பகுதியை மட்டும் பிரித்தெடுக்கலாம்: குடாநாட்டு நீரின் நைத்திரேற்றுத் தகவல் வெளியிடப்படாமல் இருக்கிறதா? பொதுவாக எடுத்தால் இல்லை, ஆய்வுக் கட்டுரைகள் பல பதிற்றாண்டுகளாக வெளிவந்தபடிதான் உள்ளன. குறிப்பிட்ட ஒரு கிணற்றின் அறிக்கை மறைக்கப்பட்டதா என்பது தனிக் கேள்வி, அதற்கு அந்த அறிக்கையைக் காட்ட வேண்டும். "எல்லாருக்கும் அனுப்புங்கோ" என்பதில் கூற்று எதுவும் இல்லை, அதை விட்டுவிடலாம்.

எங்கே பிரிப்பதை நிறுத்துவது? "கோண்டாவில் ஓர் ஊர்" என்றுகூடத் தனியே எழுதிக்கொண்டு போனால் விடிந்துவிடும். ஒரே வகை ஆதாரத்தால் ஒரே பதில் கிடைக்கும் அளவுக்கு வந்துவிட்டால் அதற்கு மேல் உடைக்கத் தேவையில்லை. ஐந்துக்கு ஆய்வு இலக்கியம், ஆறுக்குப் பதிவேடு என்று ஆதாரம் மாறுகிறது, அதனால் அவை இரண்டு. மறுபக்கத்தில், தனித்தனியே எல்லாம் சரியாக இருந்தும் வைத்த வரிசை தவறான எண்ணத்தைத் தரலாம். ஆகவே சோதனை முடிந்ததும் ஒருதடவை பதிவை முழுதாகப் படிக்கத்தான் வேண்டும்.

இணுவிலில் இருக்கும் சித்தி, மூன்று மாதப் பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, "தம்பி, இதெல்லாம் சரி, இப்ப நான் பிள்ளைக்கு எந்தத் தண்ணியில மா கரைக்கிறது?" என்று கேட்டால் பதினொன்றையும் அவருக்கு ஒப்பிக்க முடியாது. எட்டும் பத்தும் போதும். நைத்திரேற்று கூடின கிணறாக இருந்தால் கொதிக்க வைத்தாலும் பிள்ளைக்கு அந்தத் தண்ணீர் சரிவராது. நைத்திரேற்று குறைவு என்று பரிசோதனையில் தெரிந்த நீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டுக் கரைக்க வேண்டும். கிணற்று நீரை ஆய்வகத்தில் கொடுத்து எடுக்கும் அறிக்கையில், எண்ணுக்குப் பக்கத்தில் NO₃ என்று இருக்கிறதா NO₃-N என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதலாவது என்றால் 50உடன் ஒப்பிடலாம், இரண்டாவது என்றால் 11.3உடன்.