‘கெமிக்கல் இல்லாத’ சோப்பால் வெந்த தோல்

வீட்டுச் சோப்பால் தோல் வெந்து வருகிறவர்களைத் தோல் மருத்துவராக அடிக்கடி பார்க்கிறேன். சென்ற வாரம் வந்த பெண்ணுக்குக் கழுத்தும் அக்குளும் சிவந்து உரிந்திருந்தன. கையோடு சோப்பையும் கொண்டுவந்திருந்தார். வெட்டிப் பார்த்தால் நடுவில் ஈரம் கசியும் வெள்ளைத் திட்டுகள். நனைத்து, காரத்தன்மையைக் காட்டும் பிஎச் தாளை வைத்தேன், 12 காட்டியது. நல்ல சோப்புக்கட்டி 9, 10 அளவில்தான் நிற்கும்.

செய்தவரிடம் போனில் பேசினேன். “கெமிக்கலே சேர்க்கலை டாக்டர், ஒன்றரை மாசம் காய வெச்சுதான் விக்கிறேன்” என்றார்.

இந்த இரண்டு நம்பிக்கைகளும்தான் ஆளைக் கெடுக்கின்றன. காஸ்டிக் சோடா என்ற காரம் இல்லாமல் சோப்புக்கட்டியே கிடையாது. கடையில் வாங்கி உருக்கி ஊற்றும் சோப்பு பேஸும் காரத்தில் செய்ததுதான். எண்ணெயும் காரமும் சரியான அளவில் சேர்ந்தால் காரம் முழுக்கச் சோப்பாகிவிடும். அந்த வேலை பெரும்பாலும் ஓரிரு நாளில் முடிந்துவிடுகிறது. அதன்பின் வாரக்கணக்கில் காய்வது தண்ணீர்தான். மிஞ்சிய காரத்துக்குச் சேர எண்ணெய் இல்லையென்றால், எத்தனை மாதம் வைத்தாலும் அதைச் சரியான சோப்பு என்று நம்பி விற்க முடியாது.

அவர் செய்த தவறு சின்னதுதான். ஒரு கிலோ தேங்காய் எண்ணெய்க்கு ஏறக்குறைய 183 கிராம் காஸ்டிக் சோடா பிடிக்கும். பாதுகாப்புக்கு 5 சதவீதம் குறைத்து 174 கிராம் போட்டுவந்தார், சரி. தேங்காய் எண்ணெய் விலை ஏறியதும் பாதிக்கு நல்லெண்ணெய் ஊற்றினார். நல்லெண்ணெய்க்குக் கிலோவுக்கு ஏறக்குறைய 134 கிராம்தான் பிடிக்கும். அப்படியானால் இந்தக் கலவைக்கு மொத்தமே 159 கிராம் போதும், குறைத்துப் போட்டால் 151. பழைய 174-ஐயே போட்டதால் 15 கிராம் காரம் கட்டிக்குள் தங்கிவிட்டது. எண்ணெய்ச் செலவில் மிச்சம் பிடித்தது, மொத்தக் கட்டியையும் குப்பையில் கொட்டுவதில் போய்விட்டது.

எண்ணெயை மாற்றினால் கணக்கையும் மாற்றுங்கள். கரண்டியில் அளக்காதீர்கள், கிராம் தராசு வாங்குங்கள். காரத்தைத்தான் தண்ணீரில் போட வேண்டும், தண்ணீரைக் காரத்தில் ஊற்றக் கூடாது. அலுமினியப் பாத்திரம் வேண்டாம், காரம் அதை அரித்து எரியக்கூடிய வாயுவைக் கிளப்பும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் தொடாதீர்கள். மேலே தெறித்தால் எலுமிச்சை, வினிகர் எதுவும் தடவாமல் ஓடும் தண்ணீரில் குறைந்தது கால் மணி நேரம் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கழுவிய கையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

விற்பதென்றால் உரிமமும் வேண்டும். நம் நாட்டில் குளியல் சோப்பு அழகுசாதனப் பொருள் சட்டத்துக்குள் வருகிறது. ‘படை, சொறி குணமாகும்’ என்று அச்சடித்தால் அது மருந்தாகிவிடும், அதற்கு வேறு விதி. லேபிளில் தயாரிப்பாளர் முகவரி, பேட்ச் எண், எதுவரை பயன்படுத்தலாம் என்ற தேதி எல்லாம் இருக்கட்டும். சேர்த்த எண்ணெய்களையும் வாசனை எண்ணெயையும் பெயர் சொல்லிப் போடுங்கள், தயவுசெய்து. ‘மூலிகை எண்ணெய்கள்’ என்று மட்டும் இருந்தால், எது ஒத்துக்கொள்ளவில்லை என்று என்னால் நோயாளிக்குச் சொல்ல முடிவதில்லை.