அண்ணன் ஏன் இளித்தான்?

தம்பி பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறான். எதிரே உட்கார்ந்திருக்கும் அண்ணன் சிரிக்கிறான். 'அண்ணன் புன்னகைத்தான்' என்று எழுதினால் வாசகர் பேசாமல் அடுத்த வரிக்குப் போய்விடுவார். 'அண்ணன் நமட்டுச் சிரிப்பு சிரித்தான்' என்றால், பத்திரத்தில் ஏதோ வில்லங்கம் இருக்கிறது என்று உடனே பட்டுவிடும்.

இத்தகைய சொல்லுக்குள் இரண்டு செய்திகள் இருக்கின்றன. ஒன்று, முகத்தில் தெரிந்தது. இன்னொன்று, பார்த்தவரின் தீர்ப்பு. இரண்டும் ஒரே சொல்லில் வருவதால், தீர்ப்பையும் கண்ணால் கண்டதாகவே வாசகர் எடுத்துக்கொள்கிறார். பல் தெரியச் சிரிப்பதைச் சொல்லும் ஆங்கிலத்தின் 'கிரின்' பழங்காலத்தில் கோபத்திலும் வலியிலும் பல்லைக் காட்டுவதைக் குறித்தது. இன்றும் அதில் கொஞ்சம் மிரட்டல் மிச்சமிருக்கிறது. 'ஸ்மிர்க்' முதலில் வெறும் புன்னகைதான். பொதுச் சொல்லாக 'ஸ்மைல்' நிலைத்த பிறகு, அது தற்பெருமைச் சிரிப்பாகச் சுருங்கிவிட்டது. நம்முடைய 'இளி'யும் லேசான சொல் அல்ல. முலாம் போன நகையைக்கூட 'பல்லிளிக்கிறது' என்றுதானே சொல்கிறோம்!

ஒரு சொல்லில் தீர்ப்பு இருக்கிறதா என்று அறிய, அதைத் தன்மையில் சொல்லிப் பாருங்கள். 'நான் புன்னகைத்தேன்' இயல்பாக வருகிறது. 'நான் இளித்தேன்' என்றால் குற்றத்தை ஒப்புக்கொள்வது போலிருக்கிறது. ஆக, இளிப்புக்கு வெளியிலிருந்து பார்க்கும் ஒரு கண் வேண்டும். அது யாருடைய கண் என்பதுதான் எழுதுபவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது.

அண்ணன் ஏமாற்றுகிறான் என்பது கதையின் கடைசியில்தான் தெரிய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 'அண்ணன் முகம் மலர்ந்தது' என்று கதைசொல்லியே சொன்னால் அது பொய்சாட்சி; மலர்வது உள்ளே இருக்கும் மகிழ்ச்சி. திரும்பப் படிக்கும் வாசகருக்குக் கோபம் வரும், அது நியாயமான கோபம். அதே வரி தம்பியின் பார்வையில் வந்தால் பொய்யே இல்லை. அவன் நம்பினான், அவ்வளவுதான்.

சரி, துப்பு எங்கே வைப்பது? கண்ணைச் சுற்றியுள்ள தசையும் சுருங்கினால்தான் உண்மையான சிரிப்பு என்று பிரெஞ்சு மருத்துவர் டுஷேன் 1862-ல் எழுதினார். 'கண்கள் சிரிக்கவில்லை' என்ற வரி சொல்வதும் இதைத்தான். ஆனால் பலரால் அந்தத் தசையையும் வேண்டுமென்றே சுருக்க முடிகிறது என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. அந்த வரியும் தேய்ந்துவிட்டது. எனக்குப் பிடித்த துப்பு, சிரிப்பு மறையும் வேகம். இயல்பான சிரிப்பு மெல்லத்தான் அடங்கும். வரவழைத்த சிரிப்பு பெரும்பாலும் சட்டென்று அறுந்துவிடும்.

'அண்ணன் முகம் மலர்ந்தது. தம்பி கையெழுத்தைப் போட்டுப் பேனாவை மூடினான். நிமிர்ந்தபோது அண்ணன் பத்திரத்தை மடித்துக்கொண்டிருந்தான், முகத்தில் ஒன்றுமில்லை.'