தியரி ஆஃப் சேஞ்ச்: மாற்றக் கோட்பாடு என்றால் என்ன?

சமூக சுகாதாரத் திட்டத்துக்கு நிதி கேட்டு விண்ணப்பம் எழுதும் யாரும் ஒருநாள் முட்டிக்கொள்ளும் சொல் இது. தமிழில் மாற்றக் கோட்பாடு என்கிறோம். ஓர் எழுத்து தவறி மாற்றுக் கோட்பாடு ஆகிவிட்டால் அது வேறு கதை, கவனம்.

நாம் செய்யும் வேலை எந்த வழியாக, என்ன காரணத்தால் மக்களின் உடல்நலத்தில் மாற்றமாகப் போய்ச் சேரும் என்று நம்புகிறோமோ, அதை மறைக்காமல் எழுதிவைப்பதுதான் இது. கோட்பாடு என்றதும் நிரூபணமான அறிவியல் விதி நினைவுக்கு வரும். இங்கே அப்படி இல்லை, இன்னும் சோதிக்கப்படாத ஊகம்தான். கருதுகோள் என்பதே பொருளுக்கு நெருக்கம், ஆனால் மாற்றக் கோட்பாடு புழக்கத்துக்கு வந்துவிட்டது. என்னைக் கேட்டால், தலைப்பில் அதை வைத்துக்கொண்டு உள்ளே 'மாற்றம் நிகழும் விதம்' என்று எழுதிவிடலாம், படிப்பவருக்கு விளக்கவே வேண்டியிருக்காது.

இந்தச் சொல் வந்தது திட்ட மதிப்பீட்டுத் துறையிலிருந்து. 1960-களிலேயே எட்வர்ட் சச்மன் என்பவர் திட்டத் தோல்வியை இரண்டாகப் பிரித்தார்: வேலையே ஒழுங்காக நடக்காதது ஒன்று, வேலை நடந்தும் எதிர்பார்த்த பலன் வராதது இன்னொன்று. அப்புறம் 1995-இல், ஆஸ்பென் இன்ஸ்டிட்யூட் என்ற அமெரிக்க அமைப்பு வெளியிட்ட ஒரு தொகுப்பில், மதிப்பீட்டு ஆய்வாளர் கேரல் வைஸ் எழுதிய கட்டுரைதான் 'தியரி ஆஃப் சேஞ்ச்' என்ற பெயரைப் பரவலாக்கியது. சமூகத் திட்டங்களை மதிப்பிடுவது ஏன் இவ்வளவு கடினம் என்றால், அவை எந்த அனுமானத்தின்மேல் நிற்கின்றன என்பதை நடத்துகிறவர்களே தெளிவாகச் சொல்வதில்லை என்பது அவர் வாதம்.

சரி, ஒரு திட்டத்தை எடுத்துப் பார்ப்போம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் வயிற்றுப்போக்கால் இறப்பதைக் குறைக்க வேண்டும். வழக்கமாக எழுதுவது இப்படி இருக்கும்: 'தன்னார்வலர்களுக்குப் பயிற்சி தருவோம், அவர்கள் வீடு வீடாகப் போய்த் தாய்மார்களுக்கு ஓ.ஆர்.எஸ். பற்றிச் சொல்வார்கள், குழந்தை இறப்பு குறையும்.' பயிற்சியும் வீட்டுச் சந்திப்பும் நம் கையில் இருப்பவை, இவற்றின் எண்ணிக்கை வெளியீடு. தாய் கரைசலைக் கலக்கிக் கொடுப்பது விளைவு, அது அவர் கையில் இருக்கிறது. இறப்பு குறைவது தாக்கம். மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கோத்துவிட்டால் இடையில் என்ன நடக்க வேண்டும் என்பது காணாமல் போகிறது.

நிறைய நடக்க வேண்டும். பொட்டலம் வீட்டிலோ கைக்கெட்டும் தூரத்திலோ இருக்க வேண்டும், அதன்மேல் குறிப்பிட்டிருக்கும் அளவு நீரில்தான் கலக்க வேண்டும். ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு டம்ளரில் கொட்டினால் உப்பு அதிகமாகி ஆபத்து. ஆனால் நான் பெரிதாக நினைப்பது வேறொன்று. ஓ.ஆர்.எஸ். வயிற்றுப்போக்கை நிறுத்தாது, இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டும், அவ்வளவுதான். இதைச் சொல்லாமல் விட்டால், முதல் நாள் கொடுத்துப் பார்த்த தாய், 'கொடுத்தேனே, நிற்கவே இல்லையே' என்று விட்டுவிட்டு ஆன்டிபயாட்டிக் தேடிப் போவார். அவரிடம் தகவல் இருந்தது, எதிர்பார்ப்புதான் வேறாக இருந்தது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2004-இல் ஓ.ஆர்.எஸ்.ஸோடு துத்தநாகத்தையும் 10 முதல் 14 நாள் கொடுக்கச் சொன்னதை இங்கே சேர்க்கலாம், அது வயிற்றுப்போக்கு நீடிக்கும் காலத்தைக் குறைக்கும், தாய் எதிர்பார்ப்பதும் கிட்டத்தட்ட அதையே. ஆனால் குழந்தை தேறியதும் துத்தநாக மாத்திரையை நிறுத்திவிடுவார்களே என்ற அடுத்த அனுமானம் உடனே வந்து நிற்கும், அதையும் எழுத வேண்டும்.

இப்போது விவரிப்பு மாறும்: 'தன்னார்வலர் வீட்டிலேயே கரைசலைக் கலக்கிக் காட்டி, தாயையும் கலக்கச் சொல்வார். போக்கு உடனே நிற்காது என்பதை முன்கூட்டியே சொல்வார். பொட்டலமும் மாத்திரையும் கையோடு தருவார். ஆகவே அடுத்த முறை குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வரும்போது தாய் முதல் நாளிலேயே தொடங்கி, இடைவிடாமல் கொடுப்பார், நீரிழப்பு கடுமையாகாது. பொட்டலம் தொடர்ந்து கிடைக்கும் என்பதும், செலவையும் சிகிச்சையையும் முடிவு செய்யும் வீட்டுப் பெரியவர் தடுக்க மாட்டார் என்பதும் எங்கள் அனுமானங்கள்.'

எந்தக் கண்ணி அறுந்தது என்று கண்டுபிடிப்பதும் இதனால் எளிதாகிறது. கடந்த இரண்டு வாரத்தில் வயிற்றுப்போக்கு வந்த குழந்தைகளின் வீட்டில் கேளுங்கள்: என்ன கொடுத்தீர்கள், எத்தனை நாள், ஏன் நிறுத்தினீர்கள்? பொட்டலமே வரவில்லை என்றால் வேலை நடக்கவில்லை. பொட்டலம் இருந்தது, கலக்கவும் தெரிந்தது, ஆனாலும் கொடுக்கவில்லை என்றால் நம் ஊகம் தவறு. மேலும் நூறு பேருக்குப் பயிற்சி கொடுத்தும் இரண்டாவது சரியாகாது.

இறப்பு விஷயத்தில் அடக்கமாக இருப்பது நல்லது. ஒரு சிறு திட்டப் பகுதியில் வயிற்றுப்போக்கால் இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை, அதிர்ஷ்டவசமாக, ஓராண்டில் ஏற்ற இறக்கம் பார்த்து முடிவு சொல்லும் அளவுக்கு இருக்காது. அதனால் தாக்கத்தை மாற்றக் கோட்பாட்டு வரைபடத்தின் கடைசிப் பெட்டியில் எழுதிவைத்து, அதற்கு முன்னால் ஒரு கோடு போட்டுவிடுங்கள்: நாங்கள் அளந்து பதில் சொல்வது, சரியாகக் கலந்து, இடையில் நிறுத்தாமல் கொடுத்த வீடுகள் எத்தனை சதவீதம் என்பது வரைக்கும்தான்.