பால் விலையும் பிடித்தமும்: பேரவைக் கூட்டத்தில் எதைக் கேட்டால் தீரும்?

தமிழ்நாட்டில் ஆவினுக்குப் பால் கொடுக்கும் கிராமச் சங்கங்களில் பேரவைக் கூட்டம் பல நேரம் "விலை கட்டுப்படியாகவில்லை" என்ற சத்தத்தோடு கலைந்துவிடுகிறது. கொள்முதல் விலையைச் சங்கம் நிர்ணயிப்பதில்லை, அது மேலிருந்து வருவது. ஆகவே விலையை உயர்த்தச் சொல்லும் தீர்மானம் வெறும் கோரிக்கையாகத்தான் மேலே போகும். ஆனால் அளவு, தரம், பிடித்தம் ஆகிய மூன்றும் சங்கத்திலேயே நடப்பவை. பேரவைக்கு முழு அதிகாரம் உள்ள இடம் இதுதான்.

முதலில் அளவு. வேளைக்கு 4.68 லிட்டர் ஊற்றுகிறீர்கள், அட்டையில் 4.6 என்று எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வேளைக்கு 80 மில்லி போகிறது. இரண்டு வேளை, 30 நாள் என்றால் 4.8 லிட்டர். லிட்டர் 35 ரூபாய் என்று கணக்கிட்டாலும் மாதம் 168 ரூபாய்.

இதை ஒருவரின் அட்டையை மட்டும் வைத்து நிரூபிக்க முடியாது. சங்கத்தின் ஒரு நாள் கணக்கைக் கேளுங்கள். உறுப்பினர்கள் ஊற்றியது 400 லிட்டர், உள்ளூர் விற்பனை 30 லிட்டர் என்றால் மாவட்டப் பால் ஒன்றியத்துக்குப் போக வேண்டியது 370 லிட்டர். ஒரு லிட்டர் பால் ஏறத்தாழ 1.03 கிலோ, ஆக 381 கிலோ. ஒன்றியத்தின் ரசீதில் 386 கிலோ என்று இருந்தால் அந்த 5 கிலோ எங்கிருந்து வந்தது? ஒரு நாள் வித்தியாசம் தற்செயலாக இருக்கலாம். மாதம் முழுக்க ஒரே பக்கமாகக் கூடினால் அது உறுப்பினர்களின் பால். அந்தப் பணம் சங்கக் கணக்கில் வரவாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தரத்தில் அதிகம் ஏமாறும் இடம் லாக்டோமீட்டர். கறந்த சூட்டோடு, நுரை அடங்காமல் பார்த்தால் புள்ளியைக் குறைத்துக் காட்டும். ஒரு புள்ளி குறைந்தால் கொழுப்பு நீங்கிய திடப்பொருள் 0.25 சதவீதம் குறைந்துவிடும், விலையும் இறங்கும். பாலின் வெப்பநிலையையும் பார்த்துத் திருத்தம் செய்கிறார்களா என்று கேளுங்கள்.

பிடித்தத்தில் தீவனம், கடன் தவணை, காப்பீடு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆதாரம் வேண்டும். தீவனத்துக்கு மூட்டை வாங்கிய தேதியும் உங்கள் கையெழுத்தும், கடனுக்கு ஒப்புதல் கடிதமும். "இதர பிடித்தம்" என்று மொத்தமாக வந்தால் எந்தத் தீர்மானப்படி என்று கேட்க வேண்டும்.

கூட்டத்தில் திடீரென்று எழுந்து கேட்டால் "பொருள்நிரலில் இல்லை" என்று தள்ளிவிடுவார்கள். அறிவிப்பு வருமுன்பே செயலாளரிடம் எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு ஒப்புகை வாங்குங்கள். சிறப்புக் கூட்டம் வேண்டுமானால் எத்தனை பேர் கையெழுத்து தேவை என்பது சங்கத்தின் துணைவிதியில் இருக்கும். தீர்மானத்தில் "ஆவன செய்யப்படும்" என்று முடிக்க விடாதீர்கள். எந்த மாதக் கணக்கு, எவ்வளவு தொகை, எந்தப் பட்டுவாடாவில் திருப்பித் தரப்படும் என்று எழுத வேண்டும். கூட்டம் கலையுமுன் குறிப்பேட்டில் எழுதியதை வாசிக்கச் சொல்லுங்கள்.

அப்படியும் பணம் வராவிட்டால், தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் 1983, பிரிவு 90-இன் கீழ் பால்வளத் துணைப்பதிவாளரிடம் தாவா மனு கொடுக்கலாம். பால் அட்டை, பட்டுவாடாச் சீட்டு, ஒப்புகை நகல், தீர்மான நகல் ஆகியவற்றை மனுவோடு இணைக்க வேண்டும்.