முதல் வாயிலிருந்து ஓடும் கடிகாரம்

சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: “சாப்பிட்ட பின் 176 வந்தது. அடுத்த வாரம் அதே சாப்பாடு, 141. லேபில் தவறா?”

இந்தச் சோதனைக்குச் சாப்பாட்டிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். அந்த இரண்டு மணி நேரத்தை எப்போதிலிருந்து எண்ணினீர்கள் என்று கேட்டேன். முதல் முறை, சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து. அடுத்த முறை, கை கழுவியதிலிருந்து. நிதானமாகச் சாப்பிடுபவர், 40 நிமிடம் ஆகும். ஆக, இரண்டாவது ரத்தம் உண்மையில் 2 மணி 40 நிமிடத்தில் எடுத்தது.

அந்த 40 நிமிடத்தில் என்ன நடக்கிறது? பெரியவர் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் ரத்தம். அளவு 100 என்றால் 100 மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம். மொத்த ரத்தத்திலும் சேர்த்து 5 கிராம் சர்க்கரைதான், ஒரு தேக்கரண்டி. ஒரு வேளைச் சாப்பாட்டின் மாவுச்சத்தோ 60 கிராம் வரும். அத்தனையும் ரத்தத்திலேயே தங்கினால் அளவு ஆயிரத்தைத் தாண்டும். தாண்டாததற்குக் காரணம், குடலிலிருந்து வர வர மறுபக்கம் வெளியேறுவது.

வெளியேறும் வழிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. தசைச் செல்லின் சர்க்கரைக் கதவுகள் பெரும்பாலும் சுவரில் இருப்பதில்லை. நுண்ணிய பைகளுக்குள் மடங்கி, செல்லுக்கு உள்ளேயே காத்திருக்கின்றன. இன்சுலின் வெளியே வந்து தட்டியதும் பைகள் நகர்ந்து சுவரோடு ஒட்ட, கதவுகள் வெளிப்புறம் திறக்கின்றன. இன்சுலின் குறைந்தால் செல் அவற்றைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். தசை சுருங்கும்போது இன்சுலின் தட்டாமலேயே கதவுகள் மேலே வரும். சாப்பிட்டதும் நடந்தால் அளவு குறைவது இதனால்தான்.

பொதுவாக ஒரு மணி நேரத்தை ஒட்டி அளவு உச்சம் தொடும். பிறகு வரவை விடச் செலவு அதிகம். இரண்டாம் மணியில் நாம் பார்ப்பது இறங்குமுகத்தின் ஒரு புள்ளி. வாசகரின் இரு எண்களுக்கும் இடையிலான 35-இல் பெரும்பங்கு அந்தத் தாமதம்தான் என்பேன். கடிகாரம் முதல் வாயிலிருந்தே ஓட வேண்டும் என்பதால், அவருடைய கணக்கில் 176-ஐத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சர்க்கரை நோய் இல்லாதவருக்கு இரண்டாம் மணியில் பெரும்பாலும் 140-க்குள் இருக்கும். இருப்பவர்களில் பலருக்கு இலக்கு 180-க்குள். ஆனால் வெறும் வயிற்று எண்ணைப் பக்கத்தில் வைக்காமல் படிக்காதீர்கள். இவருக்கு அன்று காலை 112. சாப்பாடு ஏற்றியது 64. வேறொருவருக்கு 160-லிருந்து 196 என்றால் ஏற்றம் 36 மட்டுமே. அங்கே முதலில் பார்க்க வேண்டியது இரவெல்லாம் கல்லீரல் விடும் சர்க்கரையை. சாப்பாட்டை மட்டும் குறைத்தால் அந்த 160 அப்படியே நிற்கக்கூடும்.

கொழுப்பு மிகுந்த உணவு இரைப்பையை விட்டு மெதுவாக இறங்கும். அன்று இரண்டாம் மணி எண் நன்றாக இருந்துவிட்டு, மூன்றாம், நான்காம் மணியில் ஏறலாம். சோதனை நாளில் மட்டும் அரைவயிறு சாப்பிடுவதும், மாத்திரையை விடுவதும் எண்ணைப் பயனற்றதாக்கிவிடும்.

பல ரிப்போர்ட்டுகளில் ரத்தம் எடுத்த நேரம் இருக்கிறது, சாப்பிட ஆரம்பித்த நேரத்துக்கு ஒரு கட்டம்கூட இல்லை. இது எனக்கு உண்மையான வருத்தம். நீங்களே பேனாவால் ஓரத்தில் எழுதிவிடுங்கள்: “முதல் வாய் 8:10”.