மீன்பிடித் தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய்: விண்ணப்பிக்கும் முன் பார்க்க வேண்டியவை

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் இதே தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இதற்காகத் தமிழக அரசு ஒரு மீனவக் குடும்பத்துக்குத் தரும் நிவாரணம் 8,000 ரூபாய். 61 நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 131 ரூபாய் சொச்சம் வரும். இந்தப் பணத்தையாவது ஏமாறாமல் வாங்குவது எப்படி என்று பார்ப்போம்.

பணம் குடும்பத்துக்குத்தான், ஆளுக்கு இல்லை. குடும்பம் என்றால் ரேஷன் அட்டை. கல்யாணமான இரண்டு மகன்கள் தனித்தனியாக உலை வைத்தாலும், பெயர்கள் அப்பாவின் அட்டையிலேயே இருந்தால் மூன்று வீட்டுக்கும் சேர்த்து ஒரே 8,000தான். தடை தொடங்கியபின் அட்டையைப் பிரிக்க ஓடினால் அந்த ஆண்டுக்கு உதவாது. பெயர் நீக்கம், சேர்ப்பு, புது அட்டை என்று மாதக்கணக்கில் இழுக்கும். தீபாவளி முடிந்ததுமே அந்த வேலையை ஆரம்பித்துவிடுங்கள்.

அடுத்த சிக்கல் வங்கிக் கணக்கு. ஆதார் வழியாக அனுப்பப்படும் பணம் நீங்கள் கடைசியாக ஆதார் இணைத்த கணக்குக்குப் போகும். மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் கொடுத்த பாஸ்புக் நகலில் இருக்கும் கணக்குக்குத்தான் போகும் என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். “உங்க பேருக்கு ஏறிடுச்சே” என்பார்கள் மீன்துறை அலுவலகத்தில். வங்கியில் கேட்டால் “இங்க எதுவும் வரல” என்பார்கள். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். பணம் எப்போதோ யாரோ திறந்து கொடுத்த மூன்றாவது கணக்கில் கிடக்கும். myaadhaar.uidai.gov.in தளத்தில் Bank Seeding Status பார்த்தால் எந்த வங்கி என்று தெரிந்துவிடும். அந்தக் கணக்கு நீண்ட நாள் பயன்படுத்தாமல் முடங்கியிருந்தால், பணம் வருவதற்கு முன்பே ஆதாரைக் கொடுத்து உயிர்ப்பித்துவிட வேண்டும்.

பெயர் பொருத்தமும் இதே மாதிரிதான். ஆதாரில் ‘அந்தோணி ராஜ்’, சங்கப் பதிவில் ‘அந்தோணிராசு’, ரேஷன் அட்டையில் வேறு முதலெழுத்து என்றிருந்தால் பட்டியலில் நின்றுவிடும். ஏன் நின்றது என்று யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள். கேட்டால் “மேலே அனுப்பியாச்சு” என்ற பதில்தான் வரும். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, தவறானதை முன்கூட்டியே திருத்துங்கள்.

இதைத் தவிர மீனவர் சேமிப்பு மற்றும் நிவாரணத் திட்டம் தனியாக உண்டு. நீங்கள் 1,500 ரூபாய் கட்டினால் அரசின் பங்கு 3,000 சேர்ந்து 4,500 ஆகத் திரும்பும். மகளிருக்கும் இதே போலத் தனித் திட்டம் இருக்கிறது. தவணையைச் சங்கத்தில் கட்டும்போது ரசீது வாங்காமல் வராதீர்கள். ‘அப்புறம் எழுதிக்கலாம்’ என்று சொன்னால் அங்கேயே நின்று எழுதி வாங்குங்கள். ரசீது இல்லாத பணம் கட்டாத பணம்.

இப்போது கடன் கணக்கு. படகில் பங்குக்குப் போகிற ஒருவர் தடை தொடங்கும்போது 20,000 ரூபாயை ஐந்து வட்டிக்கு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாத வட்டியைப் பிடித்துக்கொண்டு 19,000தான் கையில் கொடுப்பார்கள். நிவாரணம் ஜூன் கடைசியில் வந்தால் அதற்குள் இரண்டரை மாத வட்டி 2,500. முதலிலேயே பிடித்த 1,000 போக இன்னும் 1,500 கட்ட வேண்டும். நிவாரணத்தில் மிச்சம் 6,500. அது பள்ளி திறக்கும் செலவுக்கே போய்விடும். அசல் அப்படியே நிற்கும். அதனால்தான் மீன் ஏலக்காரரிடம் முன்பணம் வாங்குகிறார்கள். அங்கே வட்டி என்ற பெயர் இருக்காது. ஆனால் தடை முடிந்தபின் பிடிக்கிற மீனை அவரிடமே போட வேண்டும், அவர் சொல்வதுதான் விலை. கிலோவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவது வட்டியைவிடக் கூடுதலாகவே போகும். முன்பணம் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், தொகையையும் கழிவையும் ஒரு நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

மாற்று வழி மீனவர்களுக்கான கிசான் கிரெடிட் கார்டு. 2 லட்சம் வரையிலான நடைமுறைச் செலவுக் கடனுக்கு வட்டி 7 சதவீதம். சொன்ன தேதிக்குள் அடைத்தால் 4 சதவீதம்தான் விழும். ஒரு நாள் தாமதித்தாலும் அந்த 3 சதவீதச் சலுகை போய்விடும். தடைக்காலத்தில் முடிகிற தவணையாக வாங்கிவிடாதீர்கள். அந்த மாதங்களில் கையில் காசு இருக்காது. விண்ணப்பத்தை ஏப்ரலில் கொடுத்தால் தடை முடிந்தபின்தான் ‘பரிசீலனையில்’ என்பார்கள். ஜனவரியிலேயே கொடுங்கள். வாங்க மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள். எழுதிக் கொடுக்கத் தயங்குகிற கிளை மேலாளர் பெரும்பாலும் விண்ணப்பத்தை வாங்கி வைத்துக்கொள்வார்.

பணம் வராவிட்டால் வாய்வார்த்தையாகக் கேட்டுக்கொண்டே அலையாதீர்கள். மீன்துறை உதவி இயக்குநருக்கு ஒரு மனு, நகலில் முத்திரையும் தேதியும். பதில் வராவிட்டால் அந்த நகலை எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலக மீனவர் குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள், அல்லது 1100க்கு அழைத்து மனு எண் வாங்கிக்கொள்ளுங்கள். மனுவில் ரேஷன் அட்டை எண், சங்க உறுப்பினர் எண், எந்த ஆண்டு நிவாரணம் என்ற மூன்றும் இருக்க வேண்டும். ஒன்று விட்டாலும் ‘விவரம் போதவில்லை’ என்று திரும்பி வரும்.